பூட்டிய வீடும் முப்பது நாள் கணக்கும்: கும்பகோணம் வீட்டுக் காப்பீட்டில் நான் இழந்தது

2024 டிசம்பர் 13, கார்த்திகை தீபம். மஸ்கட்டில் அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, கும்பகோணத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு அகல் ஏற்றி வைத்துவிட்டுக் கொல்லைப்புறத்திலும் ஒன்று வைக்கலாம் என்று போயிருக்கிறார். "தம்பி, பின் கதவு சாத்தித்தான் இருக்கு, ஆனா தாழ்ப்பாள் பேந்து தொங்குது. உள்ள தண்ணியா நிக்குது, நான் உள்ள போகல" என்றார். அவர் குரலில் இருந்த நடுக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போதுகூட மனதின் ஒரு மூலையில் ஒரு தைரியம் இருந்தது. சரி, இன்ஷூரன்ஸ் இருக்கிறது, போனது வந்துவிடும் என்று. அந்தத் தைரியம் எவ்வளவு ஆதாரமில்லாதது என்பது புரிய நாலு மாதம் ஆனது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் யாராவது எனக்கு முன்பே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்தேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் வீடு எப்படிக் காலியானது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நானும் மனைவியும் பிள்ளைகளும் மஸ்கட்டுக்கு வந்தபோது அம்மா கும்பகோணம் வீட்டிலேயே இருந்தார். அப்போது எடுத்ததுதான் அந்தப் பாலிசி. வீட்டுக்காரர்களுக்கான தொகுப்புப் பாலிசி, கட்டடத்துக்கு 42 லட்சம், வீட்டுச் சாமான்களுக்கு 8 லட்சம். தீ, வெள்ளம், புயல், அப்புறம் திருட்டு, எல்லாம் தனித்தனிப் பிரிவாக உள்ளே இருந்தது. விண்ணப்பத்தில் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு உரிமையாளர் குடும்பம் என்று எழுதினேன். அன்றைக்கு அது முழு உண்மை. 2024-இல் அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை, தனியாக விடவும் பயம். ஜூன் 9-ஆம் தேதி தங்கை வந்து கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்விட்டாள். இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் அம்மா கிளம்பினார். பூஜை அறை விளக்குகளைக்கூட எடுத்து வைக்கவில்லை. அந்த இரண்டு மாதம் ஆறு மாதமாக நீண்டது.

வீடு பூட்டிக் கிடக்கிறது என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது, அவர் வெள்ளிக்கிழமைதோறும் வாசல் பெருக்கிக் கோலம் போடுகிறார், தீபாவளிக்கு மச்சான் குடும்பம் வந்து தங்கப் போகிறது. இதெல்லாம் இருக்கும்போது வீட்டைக் காலி என்று யார் சொல்வார்கள் என்பதுதான் என் நினைப்பு.

ஆகஸ்ட் மாதம் பாலிசி புதுப்பிக்கும் நாள் வந்தது. வந்த இணைப்பைத் தொட்டேன். கடந்த ஆண்டிலிருந்து விவரங்களில் மாற்றம் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி, பக்கத்தில் இரண்டு கட்டம். இல்லை என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டுக் கார்டில் பணம் கட்டினேன். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மா கோவை போய் இரண்டரை மாதம் ஆகியிருந்தது. மறைக்க வேண்டும் என்று செய்யவில்லை. சுவரில் விரிசல், புது மாடி, வேறு முகவரி, இந்த மாதிரி மாற்றத்தைத்தான் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பெரிய மாற்றமே அதில் யாரும் இல்லாமல் போவதுதான் என்று காப்பீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் புதுப்பிக்கிறவர்கள் அந்த ஒரு கட்டத்தைத் தொடும் முன் கையை நிறுத்த வேண்டும். பின்னால் அந்தப் பதிலை அச்செடுத்து என் முன்னால் வைத்தார்கள்.

டிசம்பர் 15 காலை திருச்சியில் இறங்கி நேராக வீட்டுக்குப் போனேன். முன்வாசல் பூட்டு அப்படியே இருந்தது. அக்கா போட்ட கோலம்கூட மழையில் பாதி கலைந்து கிடந்தது. உள்ளே போனால் கூடத்தில் கணுக்கால் நனையும் தண்ணீர். திருடியவர்கள் குளியலறையிலும் சமையலறையிலும் இருந்த பித்தளைக் குழாய்களை ஒன்று விடாமல் திருகி எடுத்திருக்கிறார்கள். மொட்டை மாடித் தொட்டியில் இருந்த ஆயிரம் லிட்டரும் அந்தத் திறந்த வாய்கள் வழியாக வீட்டுக்குள் கொட்டியிருக்கிறது. கட்டிலின் கால்களும் துணி அலமாரியின் அடிப்பலகையும் ஊறி, பொரி போல உப்பியிருந்தன. டிவி, இன்வெர்ட்டர், அதன் பேட்டரி, கிணற்று மோட்டார், ஏசியின் வெளிப்பெட்டி போயிருந்தன. அம்மாவின் வெள்ளிச் சாமான்கள் போயிருந்தன. பூஜை அறையில் பாட்டி காலத்து நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒரு ஜோடி நின்ற இடத்தில் இரண்டு எண்ணெய் வட்டங்கள் மட்டும் இருந்தன. அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. நகை வங்கி லாக்கரில் இருந்ததால் அது தப்பித்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், உடைந்த கதவும் ஊறிப்போன மரச்சாமான்களும் சேர்த்து 3 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய்.

அன்று மதியமே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். என் வாழ்க்கையில் எழுதிய வரிகளில் அதிக விலை கொடுத்த வரியை அங்கேதான் எழுதினேன். எப்போது நடந்திருக்கும் என்று கேட்டார்கள். தண்ணீர் இன்னும் வடியாமல் நிற்கிறதே, அக்காவும் போன வெள்ளிக்கிழமை எந்த வித்தியாசமும் பார்க்கவில்லையே என்று யோசித்து, "கடந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் நடந்திருக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். அது ஒரு ஊகம். எனக்கு உண்மையில் தெரிந்தது இரண்டே தேதிகள்தான். தீபாவளிக்கு வந்த மச்சான் குடும்பம் அக்டோபர் 30 முதல் நாலு இரவு தங்கிவிட்டு நவம்பர் 3 காலை வீட்டைப் பூட்டிக்கொண்டு போனது. டிசம்பர் 13 மாலை அக்கா பார்த்தார். இடைப்பட்ட நாட்களில் யாரும் கொல்லைப்புறம் போகவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா பார்த்ததெல்லாம் வாசலை மட்டும். வேறு எவராவது இந்த நிலைமையில் நின்றால் தயவுசெய்து அந்த இரண்டு தேதிகளை மட்டும் எழுதுங்கள். கடைசியாக நல்லபடி பார்த்தது இன்ன நாள், தெரியவந்தது இன்ன நாள், இடையில் எப்போது என்று தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் தவறே இல்லை. நான் ஊகித்து எழுதியது எஃப்.ஐ.ஆரில் ஏறிவிட்டது. அது என் வாக்குமூலம் ஆகிவிட்டது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு 16-ஆம் தேதி தகவல் சொன்னேன். 13 இரவே மஸ்கட்டிலிருந்தே சொல்லியிருக்கலாம், ஊருக்கு வந்துதான் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் 18-ஆம் தேதி வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார், படம் எடுத்தார், பெயர்ந்த தாழ்ப்பாளை அளந்தார். திருட்டுக் காப்பீட்டில் கதவை, சன்னலை வன்முறையாகத் திறந்த தடயம் இருக்க வேண்டும். அது எங்களிடம் தெளிவாக இருந்தது. சாமான்களுக்குப் பில் கேட்டார், டிவிக்கும் இன்வெர்ட்டருக்கும் இருந்தது, விளக்குக்கு அம்மாவின் பழைய புகைப்படம்தான் இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டார். எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் நினைத்தேன். கிளம்பும் முன் வாசலில் இருந்த ஈ.பி. மீட்டரைப் பார்த்துவிட்டு, "சார், உங்க மின் இணைப்பு எண் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அங்கேயே நின்று போனில் எங்கள் மின் கட்டண விவரத்தைத் திறந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த ரீடிங் வரிசையாக வந்தது. ஆகஸ்ட், அக்டோபர் இரண்டு ரீடிங்கிலும் ஏறியது மிகச் சொற்பம். டிசம்பர் முதல் வாரத்தில் எடுத்ததில் 31 யூனிட். "இந்த 31 யாரு சார்?" என்று கேட்டார். மச்சான் குடும்பம் தீபாவளிக்குத் தங்கியதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார். அவர் எதைத் தேடுகிறார் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

ஜனவரி கடைசியில் மறுப்புக் கடிதம் வந்தது. அப்போதுதான் பாலிசிப் புத்தகத்தை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். திருட்டுப் பிரிவில் விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் ஏழாவதாக ஒரு வரி இருந்தது. அதன் சாரம் இதுதான்: வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் யாரும் குடியிருக்காமல் இருக்கும்போது ஏற்படும் இழப்புக்கு, நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் முன்கூட்டியே பெறாவிட்டால், பொறுப்பில்லை.

இந்த ஒரு வரியில் நான் பிறகு கற்றுக்கொண்டது நிறைய. முதலாவது, குடியிருப்பது என்றால் இரவு தங்கி வாழ்வது. வாசல் பெருக்குவது, விளக்கேற்றுவது, சாவி பக்கத்து வீட்டில் இருப்பது, வாரம் ஒருமுறை வந்து சன்னலைத் திறந்து காற்றாட விடுவது, இவை எதுவும் குடியிருப்பது ஆகாது. சில பாலிசிகளில் பகலும் இரவும் ஆளில்லாமல் என்றே தெளிவாக எழுதியிருக்கும். நாள் கணக்கும் பாலிசிக்குப் பாலிசி மாறும். வணிக இடங்களுக்கான திருட்டுப் பாலிசிகளில் ஏழே நாள் என்று இருப்பதை அப்புறம் பார்த்தேன். இரண்டாவது, தொடர்ந்து என்ற சொல். நடுவில் யாராவது உண்மையாகவே தங்கினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். மச்சான் குடும்பம் தங்கிய நாலு இரவு எனக்கு அந்த வகையில் ஒரு வாய்ப்பைக் கொடுத்திருந்தது. அதை மின் ரீடிங் நிரூபித்தது. நவம்பர் 3-லிருந்து எண்ணினால் டிசம்பர் 2-உடன் முப்பது நாள் முடிகிறது. திருட்டு அதற்குள் நடந்திருந்தால் எனக்குப் பணம் உண்டு, அதற்குப் பிறகு என்றால் இல்லை. நவம்பர் 3-க்கும் டிசம்பர் 13-க்கும் நடுவில் எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு மூன்று நாட்களுக்குள் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். வடியாத தண்ணீரையும் உப்பிய பலகையையும் சர்வேயர் தன் அறிக்கையில் சமீபத்திய சேதம் என்று எழுதியிருந்தார். அறிக்கையின் நகலைக் கேட்டால் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்கினேன். மூடிக் கிடக்கும் வீட்டில், அடைமழை மாதத்தில், சிமெண்ட் தரையில் தேங்கிய தண்ணீர் மூன்று நாளில் வற்றுமா, மூன்று வாரம் நிற்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் புகார் மட்டும் அந்தக் கேள்விக்கு முன்பே பதில் சொல்லியிருந்தது.

எனக்கு ஒரு காமிரா இருந்தது. கூடத்தில் வைத்திருந்த வைஃபை காமிரா, சிம் போட்ட டாங்கிளில் ஓடுவது. செப்டம்பரில் ரீசார்ஜ் முடிந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அது ஓடிக்கொண்டிருந்தால் திருட்டு நடந்த நிமிடம் வரை தெரிந்திருக்கும். எதிர் வீட்டுக் காமிராவில் தெரு முனை விழும், ஆனால் அதில் பதினைந்து நாளுக்கு மேல் பழைய பதிவு நிற்காது. நான் போய்க் கேட்டபோது டிசம்பர் முதல் நாட்களே அழிந்திருந்தன. ஊருக்கு வந்திறங்கிய அன்றே கேட்டிருந்தால் நவம்பர் 30-லிருந்து கிடைத்திருக்கும். கேட்டது டிசம்பர் 20-ஆம் தேதி. இந்த மாதிரி நேரத்தில் பொருள் கணக்கு எடுப்பதைவிட அக்கம்பக்கத்துக் காமிராப் பதிவைப் பிரதி எடுத்து வாங்குவது முதல் வேலை.

தண்ணீர் சேதத்தையாவது தீப் பிரிவில் கேட்கலாமே என்று எண்ணினேன். தொட்டியும் குழாயும் வெடிப்பதாலோ நிரம்பி வழிவதாலோ வரும் சேதம் அங்கே உண்டு. ஆனால் என் வீட்டில் குழாய் வெடிக்கவில்லை, திருடப்பட்டது. அதனால் அது திருட்டின் விளைவு என்று ஒதுக்கிவிட்டார்கள். அது மட்டுமில்லை. பலர் காலிவீட்டு நிபந்தனை திருட்டுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் நாட்டில் பல்லாண்டுகளாக எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்ற ஸ்டாண்டர்டு ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ் பாலிசியின் பொது நிபந்தனைகளில் மூன்றாவதைப் படித்துப் பாருங்கள். கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், இழப்பு நேரும் முன் நிறுவனத்தின் ஒப்புதல் எண்டார்ஸ்மென்ட்டாக, அதாவது பாலிசியோடு சேர்க்கும் எழுத்துக் குறிப்பாக ஏறியிருக்காவிட்டால், அந்தச் சொத்தின் மீதான காப்பீடே நின்றுவிடும் என்கிறது அது. அதாவது தீ, புயல், வெள்ளம் எல்லாமே. 2021 ஏப்ரலுக்குப் பிறகு வீடுகளுக்குப் பொதுவான பாலிசியாக பாரத் கிருஹ ரக்ஷா வந்துவிட்டது. அதன் அடிப்படைப் பாலிசியில் திருட்டு என்பது, தீ, வெள்ளம் போன்ற ஏதாவது ஒன்று நடந்து அதன் விளைவாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான். வெறும் பூட்டு உடைப்புத் திருட்டுக்கு நிறுவனங்கள் தனிச் சேர்க்கையாகத் தருகின்றன, அதன் வாசகம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஆகவே வீட்டுக் காப்பீடு இருக்கிறது என்பதற்கும் திருட்டுக் காப்பீடு இருக்கிறது என்பதற்கும், பூட்டிய வீட்டுக்கும் அது செல்லும் என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. கையில் இருக்கும் பாலிசியில் ஆளில்லாத என்ற பொருள் தரும் சொற்களை ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

மறுப்பு வந்ததும் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். பதில் அதேதான். அப்புறம் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் மனு போட்டேன். இந்த வழி பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நிறுவனத்திடம் முதலில் புகார் கொடுத்து, அவர்கள் மறுத்திருக்க வேண்டும் அல்லது ஒரு மாதம் பதில் வராமல் இருந்திருக்க வேண்டும். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போட வேண்டும். 50 லட்சம் வரையான தொகைக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, வக்கீல் வைக்க அனுமதியும் இல்லை. விசாரணையை வீடியோ வழியாகவே நடத்துகிறார்கள். மஸ்கட்டில் வீட்டு மேசையில் உட்கார்ந்தபடி கலந்துகொண்டேன். விலக்குப் பிரிவு பொருந்துகிறது என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது, முப்பது நாளுக்குப் பிறகுதான் திருட்டு நடந்தது என்று அவர்கள் காட்டட்டும் என்று வாதாடினேன். நல்ல வாதம்தான் என்று இப்போதும் நம்புகிறேன். நிறுவனத் தரப்பு எஃப்.ஐ.ஆரில் இருந்த என் வரியை வாசித்தது. அடுத்ததாக ஆகஸ்ட் மாதம் மாற்றம் இல்லை என்று நான் குறித்த பக்கத்தைக் காட்டியது. மனு ஏற்கப்படவில்லை. எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அந்தத் தாள்களை வைத்துப் பார்த்தால் வேறு முடிவு வந்திருக்கும் என்று சொல்ல முடியவில்லை. விமானச் செலவு, சம்பளமில்லாத 11 நாள் விடுப்பு எல்லாம் சேர்த்தால் நாலரை லட்சத்தை நெருங்குகிறது. திருட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று காவல் நிலையத்திலிருந்து வந்தபோது, அதை யாரிடம் கொடுப்பது என்றே தெரியாமல் கோப்பில் செருகி வைத்தேன்.

அதற்குப் பிறகு செய்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அம்மா திரும்பத் தனியாக இருக்க விரும்பவில்லை, இருக்கச் சொல்ல எனக்கும் மனமில்லை. 2025 ஏப்ரலில் மூன்று நிறுவனங்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். வீடு எங்கே, எத்தனை மாதம் ஆளில்லாமல் இருக்கும், சாவி யாரிடம், யார் எப்போது வந்து பார்ப்பார்கள், இந்த நிலையில் தீயும் திருட்டும் தொடர்ந்து செல்லுமா, செல்லும் என்றால் அதை எண்டார்ஸ்மென்ட்டாகத் தருவீர்களா. கேட்டது இவ்வளவுதான். முகவர் ஒருவர் போன் செய்து, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நான் இருக்கேன்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் வார்த்தை பாலிசியில் ஏறாது. இரண்டு நிறுவனங்கள் திருட்டுப் பிரிவு தர முடியாது, தீப் பிரிவு மட்டும் ஒப்புதலுடன் தரலாம் என்றன. மூன்றாவது சில நிபந்தனைகளோடு இரண்டையும் தந்தது. சாமான்களுக்கான தொகையை 3 லட்சமாகக் குறைத்தார்கள், வெள்ளியும் நகையும் சேராது என்றார்கள், திருட்டு இழப்பில் பத்தில் ஒரு பங்கு என்னுடையது என்றார்கள். பின் கதவுக்கு இரும்புக் கிரில் போட்டுப் படம் அனுப்பச் சொன்னார்கள். தொட்டியைக் காலி செய்து, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். பிரீமியம் முன்பைவிடச் சுமார் 1,900 ரூபாய் கூடுதல்.

இந்த நிபந்தனைகளில் ஒன்றில் நான் பேரம் பேசினேன், அது முக்கியம் என்று நினைக்கிறேன். தினமும் ஒருவர் வீட்டைப் பார்வையிட வேண்டும், இயங்கும் காமிரா இருக்க வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தார்கள். ஒத்துக்கொண்டால் பாலிசி உடனே வந்துவிடும் என்று கை துறுதுறுத்தது. ஆனால் ஒத்துக்கொண்ட நிபந்தனையை ஒருநாள் தவறவிட்டாலும் இழப்பு நேரும்போது அதே வரியை வைத்து மறுப்பார்கள். ரீசார்ஜ் முடிந்து காமிரா நின்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் தினமும் முடியாது, வாரம் ஒருமுறை உள்ளும் புறமும் பார்க்க முடியும், காமிராவை நிபந்தனையில் சேர்க்க வேண்டாம் என்று எழுதினேன். இரண்டு வாரம் இழுத்தது, ஒப்புக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை அக்கா வாசல் பெருக்கியதும் பின்பக்கம் போய்க் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே கூடம், பூஜை அறை, மாடி மூன்றையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு கையெழுத்தும் போடுகிறார். முதலில் இதற்குக் காசு வாங்க மறுத்தார். "நான் செய்யறது உனக்கில்ல தம்பி, உங்கம்மாவுக்கு" என்றார். இப்போது மாதம் ஒரு தொகை அவர் மகள் கணக்குக்குப் போகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை மச்சானோ தங்கையோ இரண்டு இரவு வந்து தங்குவதையும் வழக்கமாக்கினோம். எண்டார்ஸ்மென்ட் இருந்தாலும் அது ஒரு கூடுதல் பலம். அந்த நாட்களில் மெயினைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, போகும்போது மறுபடி காலி செய்துவிடுகிறார்கள். ரீடிங்கில் அந்த யூனிட்கள் ஏறுகின்றன. உள்ளூர்க் காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுத்து ரோந்துப் பட்டியலிலும் சேர்த்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த எண்டார்ஸ்மென்ட் அந்தப் பாலிசி ஆண்டுக்கு மட்டும்தான். புதுப்பிக்கும்போது அது தானாகத் தொடராது, மறுபடி கேட்டு வாங்க வேண்டும். இந்த முறை புதுப்பிக்கும் இணைப்பு வந்தபோது அதே பக்கம், அதே கேள்வி, பக்கத்தில் அதே இரண்டு கட்டம். உண்டு என்ற கட்டத்தைத் தொட்டேன். பணம் கட்டும் பக்கம் திறக்கவில்லை, எங்கள் அலுவலர் உங்களைத் தொடர்புகொள்வார் என்று வந்தது. மூன்றாம் நாள் போன் வந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன், அக்காவின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அன்று இரவே அனுப்பினேன்.